17ஏ, 17சி, பச்சை சீல், மை: பூத் சாமான் வாங்கும்போது எதை எண்ணுவது?

செங்கரும்பு

சட்டமன்றத் தேர்தலுக்கு இந்த முறை என்னை வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். இதுவரை இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலராக, அதாவது பிஓ-2 ஆக உட்கார்ந்துதான் பழக்கம். மை வைப்பதும் 17ஏ பதிவேடு எழுதுவதும் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

பயிற்சி வகுப்பில் பொருள் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். படிவம், உறை, டேக், சீல், நூல், அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குண்டூசி என்று பக்கம் பக்கமாகப் போகிறது. குண்டூசிக்கும் பச்சைத் தாள் சீலுக்கும் அதில் ஒரே மரியாதைதான். சாமான் வழங்கும் இடத்தில் எல்லாவற்றையும் தரையில் விரித்து எண்ண நேரம் கிடைக்காது. ரூட் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.

எதையெல்லாம் எண்ணி, வரிசை எண்ணையும் பார்த்தே வாங்க வேண்டும்? எதையெல்லாம் "இருக்கிறது" என்று பார்த்தால் போதும்? மறுநாள் இரவு 17சி என்ற வாக்குக் கணக்குப் படிவத்தை எழுதும்போது கணக்கு ஒட்ட வேண்டும் என்றால், முதல் நாளே என்னென்ன குறித்து வைக்க வேண்டும்?

எட்டாம்வகுப்பு_கணக்கு

டீச்சர், இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றும் இல்லை. கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபேட் மூன்றின் எண்களும் உங்கள் பூத்துக்கு ஒதுக்கிய எண்கள்தானா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றவை குறைந்தால் ஜோனல் அலுவலர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், அவர் வண்டியில் ஸ்பேர் எப்போதும் இருக்கும். பட்டியலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ராத்திரி பூத்தில் போய் நிதானமாகப் பாருங்கள்.

பழையபூத்

மெஷின் எண் விஷயத்தில் மேலே சொன்னது சரி. "மற்றவை குறைந்தால் ஜோனல் தருவார்" என்பது நூலுக்கும் அரக்குக்கும் பொருந்தும். பச்சை சீலுக்கும் டெண்டர் ஓட்டுச் சீட்டுக்கும் பொருந்தாது.

ஒன்று குறைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒரு வகை: உறை, நூல், மெழுகுவர்த்தி, ஸ்டாம்ப் பேட், குண்டூசி. இவை இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். இன்னொரு வகை, எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்று 17சி-யில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது. அந்த இரண்டாம் வகையில் இரண்டே பொருள்கள்தான் வருகின்றன.

முதலாவது பச்சைத் தாள் சீல். ஒவ்வொன்றிலும் வரிசை எண் அச்சாகியிருக்கும். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை வந்தது, இந்த எண் பயன்பட்டது, இது மிச்சம், இது சேதம் என்று 17சி-யின் முதல் பகுதியில் தனியாகக் கணக்கு காட்ட வேண்டும். இரண்டாவது டெண்டர் ஓட்டுச் சீட்டு, தமிழ்ப் படிவத்தில் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு. வழக்கமாக ஒரு பூத்துக்கு 20 தருவார்கள். அதற்கும் வந்தது, கொடுத்தது, திரும்பியது என்று மூன்று எண்ணிக்கை எழுத வேண்டும்.

கவுண்டரில் கட்டைப் பிரிக்காமல் வாங்கிவிட்டு, ராத்திரி பூத்தில் பார்த்தால் 20-க்கு 19 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று வரவே இல்லையா, நீங்கள் தொலைத்தீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது. கையெழுத்து உங்களுடையது. அதனால் இந்த இரண்டையும் கவுண்டரிலேயே, கொடுப்பவர் கண் முன்னால் எண்ணி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் டைரியில் எழுதுங்கள். நடுவில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.

டெண்டர் சீட்டில் இன்னும் இரண்டு விஷயம். பேலட் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தாளும் இதுவும் ஒரே வடிவம், ஆகவே உங்கள் தொகுதியின் வேட்பாளர் பெயர்கள்தானா என்று படித்துப் பாருங்கள். பின்பக்கம் டெண்டர் சீட்டு என்ற முத்திரை இல்லையென்றால், கொடுக்கும் நேரத்தில் நீங்களே கையால் எழுத வேண்டும். தன் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டதால் இந்தச் சீட்டை வாங்கும் வாக்காளர் பட்டனை அமுக்கப் போவதில்லை, இதில் முத்திரை குத்தித்தான் ஓட்டுப் போடுவார். அதற்கான அம்புக்குறி ரப்பர் ஸ்டாம்ப் மூட்டையில் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. தேவைப்படும் அன்று தேடுவார்கள்.

தபால்காரன்

எனக்கும் இதே குழப்பம்தான். படிவம் 12 பூர்த்தி செய்து பயிற்சி வகுப்பிலேயே கொடுத்துவிட்டேன். இன்னும் ஓட்டுச்சீட்டு கைக்கு வரவில்லை. எத்தனை சீட்டு வழங்கினார்கள் என்ற கணக்கை யாரிடம் கேட்பது? பக்கத்துத் தொகுதியில் டியூட்டி போட்டிருக்கிறார்கள்.

பழையபூத்

தம்பி, இங்கே பேசுவது பூத்துக்கு வரும் சீட்டுக் கணக்கு. உங்களுடையது தபால் ஓட்டு. அடுத்த பயிற்சி வகுப்பிலேயே தபால் ஓட்டு கவுண்டரில் கேளுங்கள். சொந்தத் தொகுதிக்குள் டியூட்டி என்றால் 12ஏ கொடுத்து, 12பி சான்றிதழ் வாங்கி, டியூட்டி பார்க்கும் பூத்திலேயே போடலாம். பக்கத்துத் தொகுதி என்பதால் உங்களுக்கு அந்த வழி கிடையாது.

நெய்தல்_நிலா

மை பற்றி யாருமே சொல்லவில்லையே! நான் பல தேர்தலாக பிஓ-2. பட்டியலில் அழியாத மை, 10 மில்லி குப்பி 2 என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வாங்கும்போது குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா, ஓரத்தில் கசிந்து கறுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கசிந்திருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். ஒரு குப்பி ஏறக்குறைய 700 பேருக்கு வரும் என்பது கணக்கு. ஆனால் அது குச்சியை அளவாகத் தொட்டு வைத்தால்தான். காலையில் உற்சாகத்தில் விரல் முழுக்கப் பூசினால் மத்தியானமே அடி தட்டும்.

மேஜையில் குப்பியைச் சும்மா வைக்கக் கூடாது. ஒரு தம்ளரிலோ பழைய டப்பாவிலோ மண் நிரப்பி, அதில் பாதி புதைத்து வையுங்கள். இந்தத் தம்ளர் சாமான் மூட்டையில் பெரும்பாலும் இருக்காது, ஸ்கூல் சமையலறையில் கேட்டுக்கொள்ளுங்கள். மை வெள்ளி நைட்ரேட் கலந்தது. 17ஏ மேல் கொட்டினால் அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்க முடியாது.

இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடு. விரலில் எண்ணெய் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். அப்புறம் வரிசை முக்கியம். முதலில் மை, பிறகு 17ஏ-வில் கையெழுத்து. கையெழுத்துப் போடும் நேரத்தில் மை காய்ந்துவிடும், பிஓ-3 விரலைப் பார்த்துவிட்டு பேலட் பட்டனை அமுக்குவார். மாற்றிச் செய்தால் ஈர மையோடு போவார்கள், வெளியே போய்த் துடைத்துவிடுவார்கள்.

செங்கரும்பு

பழையபூத் சார், நிலா டீச்சர், இருவருக்கும் நன்றி. பச்சை சீல் பட்டியலில் 3 என்று போட்டிருக்கிறது. கண்ட்ரோல் யூனிட் ஒன்றுதானே? ஒரு சீல்தானே ஒட்டப் போகிறோம்? மீதி இரண்டு எதற்கு?

பழையபூத்

ஒட்டுவது ஒன்றுதான். மீதி கை தவறினால் பயன்படும்.

மாதிரி வாக்குப்பதிவு முடிந்து, அதன் முடிவைப் பார்த்து, கிளியர் செய்து, ஏஜென்ட்டுகளுக்கு டோட்டல் பூஜ்யம் என்று காட்டிய பிறகு, ரிசல்ட் பகுதியின் உள்கதவில் இருக்கும் சட்டத்தில் இந்த சீலைச் செருக வேண்டும். பச்சைப் பக்கம் துளை வழியாக வெளியே தெரிய வேண்டும். வெள்ளைப் பக்கத்தில், வரிசை எண்ணுக்குக் கீழே, முதலில் உங்கள் கையெழுத்து, பிறகு விரும்பும் ஏஜென்ட்டுகளின் கையெழுத்து. எண்ணை உரக்கப் படித்து அவர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாக்கு எண்ணும் அன்று அவர்கள் ஆள் அந்த எண்ணைத்தான் தேடுவார்.

அப்புறம் உள்கதவை மூடும்போது சீலின் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கதவு இடுக்கில் தாள் மாட்டிக் கிழிவது இந்த நேரத்தில்தான். அதிகாலை, மின்விசிறி காற்று, சுற்றி ஏஜென்ட்டுகள். கிழிந்தால் பதற வேண்டாம், அடுத்ததை எடுங்கள். ஆனால் கிழிந்ததைக் கசக்கி எறியக் கூடாது. அதன் எண் சேதம் என்ற வரியில் ஏற வேண்டும், துண்டுகளும் திரும்பிப் போக வேண்டும்.

உள்கதவுக்கு ஸ்பெஷல் டேக், அதில் கண்ட்ரோல் யூனிட் எண்ணை எழுதி நூல் கட்டி அரக்கு முத்திரை. வெளிக்கதவுக்கு ஸ்ட்ரிப் சீல், அட்ரஸ் டேக். அரக்கு முத்திரைக்கு உங்கள் பெயரில் தரும் பித்தளை சீல் வேண்டும். அது ஒன்றுதான் இருக்கும், திருப்பியும் தர வேண்டும். சட்டைப் பையில் போட்டு ஊசி குத்திக்கொள்ளுங்கள்.

மிச்ச சீல்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டுப்பதிவு நடக்கும்போது கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானால் செட் முழுவதையும் மாற்றுவார்கள். விவிபேட் மட்டும் பழுது என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். புது கண்ட்ரோல் யூனிட் வந்தால் அதற்கும் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இன்னொரு பச்சை சீல் ஒட்ட வேண்டும். காலையிலேயே இரண்டைக் கிழித்துவிட்டால் அப்போது ஜோனலுக்குப் போன் போட வேண்டியதுதான்.

எட்டாம்வகுப்பு_கணக்கு

சரி, சீல் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ராத்திரி கணக்கு சுலபம்தான். 17ஏ-வின் கடைசி எண்ணும் மெஷின் டோட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்ட் ஓட்டு போட்டிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். டெண்டர் ஓட்டு இருந்தால் 17ஏ-வில் ஒன்று கூடியிருக்கும், அதையும் கழிக்க வேண்டும். இவ்வளவுதான்.

கல்லாறு

நான் வருவாய்த் துறை. பூத்திலிருந்து சாமான் திரும்பி வரும் கவுண்டரில் இரவெல்லாம் உட்காருகிற ஆள். சார் சொன்ன இரண்டு கழித்தலும் தவறு. அந்தக் கவுண்டரில் அதிகம் நின்றுபோகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், எண்கள் நான் வைத்தவை.

பூத்தில் 1,086 வாக்காளர்கள். மாலையில் 17ஏ-வின் கடைசி வரிசை எண் 812. அன்றைக்கு நான்கு சங்கதிகள் நடந்தன.

ஒருவர் 17ஏ-வில் கையெழுத்துப் போட்ட பிறகு, ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இது விதி 49ஓ. குறிப்புப் பத்தியில் அப்படி எழுதி அவர் கையெழுத்து வாங்க வேண்டும். அவருக்கு 17ஏ-வில் எண் உண்டு, மெஷினில் ஓட்டு இல்லை.

இன்னொருவர் மறைவிடத்துக்குள் போய், சொல்லச் சொல்லக் கேட்காமல் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். தலைமை அலுவலர் அவரை ஓட்டுப் போட விடவில்லை. இது 49எம். இங்கும் 17ஏ-வில் எண் உண்டு, ஓட்டு இல்லை.

மூன்றாவது ஆள், விவிபேட் சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று புகார் செய்தார். உறுதிமொழி எழுதி வாங்கி, 17ஏ-வில் அவர் பெயரை இரண்டாம் முறை பதிந்து, ஏஜென்ட்டுகள் முன்னால் டெஸ்ட் ஓட்டு போடச் சொன்னார்கள். சீட்டு சரியாகவே வந்தது. (தவறாக வந்திருந்தால் ஓட்டுப்பதிவை அதோடு நிறுத்தி, தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் சொல்ல வேண்டும்.) கவனியுங்கள், இந்த டெஸ்ட் ஓட்டுக்கு 17ஏ-விலும் ஓர் எண் போயிருக்கிறது, மெஷினிலும் ஓர் ஓட்டு ஏறியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்று கூடியதால் இதைக் கழிக்கக் கூடாது. எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்பதை 17சி-யில் அதற்கான வரிசையில் எழுதினால், எண்ணும் இடத்தில் அவர் கணக்கிலிருந்து குறைத்துக்கொள்வார்கள்.

நான்காவது, ஒரு அம்மா வந்தபோது அவர் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். கேள்விகள் கேட்டு அவர்தான் என்று உறுதியானதும் டெண்டர் சீட்டு கொடுத்தார்கள். அவர் கையெழுத்து 17பி-யில் போகும், 17ஏ-வில் போகாது. மெஷினிலும் ஓட்டு இல்லை. ஆகவே இதுவும் கழித்தலில் வராது.

ஆக 812-லிருந்து 49ஓ ஒன்று, 49எம் ஒன்று கழித்து 810. மெஷின் டோட்டல் 810 காட்டினால் கணக்கு ஒட்டிவிட்டது. எட்டாம்வகுப்பு சார் கணக்குப்படி டெஸ்ட், டெண்டர் இரண்டையும் கழித்தால் 810 வருவது போலத் தெரியும். நான்கு சங்கதியும் ஒரே நாளில் வந்ததால் தற்செயலாக அப்படி அமைந்தது. 49ஓ-வும் 49எம்-மும் இல்லாத பூத்தில் அதே முறையைப் போட்டால் இரண்டு ஓட்டு உதைக்கும்.

டெண்டர் சீட்டு: வந்தது 20, கொடுத்தது 1, திரும்பியது 19. பச்சை சீல்: வந்தது 3, பயன்பட்டது 1, சேதம் 1, திரும்பியது 1.

எட்டாம்வகுப்பு_கணக்கு

டெண்டர் 17பி என்பதை ஒத்துக்கொள்கிறேன். டெஸ்ட் ஓட்டைப் பொறுத்தவரை எங்கள் பயிற்சியில் கழிக்கச் சொன்னதாகத்தான் ஞாபகம். எண்ணும்போது கழிப்பார்கள் என்று சொன்னதை நான் மாற்றிப் புரிந்துகொண்டேனோ என்னவோ. படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செங்கரும்பு

கல்லாறு சார், 810 வர வேண்டிய இடத்தில் 809 என்றோ 811 என்றோ வந்தால்? அந்த நேரத்தில் 812 வரிகளையும் எப்படித் தேடுவது?

கல்லாறு

இரவில் தேடினால் கஷ்டம்தான். பகலிலேயே தேடும் இடத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

பூத்தில் எண்ணிக்கை மூன்று இடத்தில் ஓடுகிறது. பிஓ-2 எழுதும் 17ஏ எண் ஒன்று. அவர் அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்து, பிஓ-3 வாங்கி வைக்கும் வாக்காளர் சீட்டு இன்னொன்று. கண்ட்ரோல் யூனிட்டின் டோட்டல் மூன்றாவது. பிஸி விளக்கு எரியாத சமயத்தில் டோட்டல் பட்டனை எப்போது வேண்டுமானாலும் அமுக்கிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சதவீதம் கேட்டுப் போன் வரத்தான் போகிறது. அப்போது மூன்றையும் பார்த்து டைரியின் ஓரத்தில் எழுதுங்கள். 11 மணிக்கு ஒட்டியது, 1 மணிக்கு ஒன்று இடிக்கிறது என்றால் நடுவில் வந்த இருநூறு பேருக்குள் தேடினால் போதும்.

மெஷின் குறைவாகக் காட்டினால், நான் பார்த்தவரை பெரும்பாலும் 17ஏ-வில் எண் தாண்டியிருக்கும். 347-க்கு அடுத்து 349 எழுதியிருப்பார்கள். பக்கம் புரட்டும் இடத்தில்தான் அதிகம் நடக்கும். இல்லையென்றால் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமலேயே வெளியே போயிருப்பார், யாரும் கவனிக்காததால் குறிப்பு எழுதியிருக்க மாட்டார்கள். மெஷின் கூடுதலாகக் காட்டினால் ஒரே எண்ணை இருவருக்குப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சரியாக 50 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் கூடியிருந்தால், மாதிரி வாக்குப்பதிவை கிளியர் செய்யவில்லை என்று அர்த்தம். அது பெரிய தலைவலி. காலையில் டோட்டல் பூஜ்யம் காட்டாமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

எதுவுமே அகப்படவில்லையா, வித்தியாசத்தை இருக்கிறபடியே 17சி-யில் எழுதுங்கள். அதற்குத்தான் அங்கே இடம் விட்டிருக்கிறார்கள். ஒட்டவைப்பதற்காக 17ஏ-வில் எண்ணைத் திருத்தினால், வெறும் எழுத்துப் பிழை முறைகேடாகத் தெரியும்.

நெய்தல்_நிலா

ஒரு சின்னத் திருத்தம், புதியவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக. மேலே சொன்ன வாக்காளர் சீட்டும், வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் வேறு வேறு. பூத் சிலிப் அடையாள ஆவணமும் இல்லை. சாமான் மூட்டையில் சின்னச் சீட்டுக் கட்டாக வருவதுதான் வாக்காளர் சீட்டு. உங்கள் பூத்தின் வாக்காளர் எண்ணிக்கைக்குப் போதுமா என்று கட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

எண் தாண்டாமல் இருக்க நான் ஒரு வேலை செய்வேன். முதல் நாள் ராத்திரியே 17ஏ-வில் முதல் சில பக்கங்களுக்கு வரிசை எண்ணை எழுதி வைத்துவிடுவேன். காலையில் கூட்டம் வரும்போது வாக்காளர் பட்டியல் எண்ணையும், அடையாள ஆவணத்தையும் மட்டும் எழுதினால் போதும். வாக்காளர் அட்டை என்றால் இ.பி., மற்ற ஆவணம் என்றால் கடைசி நான்கு இலக்கம்.

கல்லாறு

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்கூட்டி எழுதி வைத்தால், கடைசியில் ஆள் வராத எண்கள் மிஞ்சும். கடைசி எண் எது என்பதில் சந்தேகம் வரும். ஆள் நிற்கும்போது எண் போடுவதுதான் முறை.

நெய்தல்_நிலா

முதல் சில பக்கங்கள் என்றுதானே சொன்னேன், சார்? ஆயிரம் பேர் உள்ள பூத்தில் முதல் நூறு எண் மிஞ்சப் போவதில்லை. கடைசி எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, தலைமை அலுவலர் கையெழுத்திட்டுத்தானே முடிக்கிறோம்.

வாய்க்கால்மேடு

நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம், பூத் ஏஜென்ட். இங்கே எல்லாரும் 17சி எழுதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்களுக்கு நகல் தருவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சில பூத்தில் "படிவம் தீர்ந்துவிட்டது, எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

பழையபூத்

கேட்காவிட்டாலும் தர வேண்டும். விதி 49எஸ்-படி, ஓட்டுப்பதிவு முடியும்போது இருக்கும் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் 17சி-யின் உண்மை நகல் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். செங்கரும்பு டீச்சர், இதை உங்கள் எண்ணும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்று 17சி எத்தனை வந்திருக்கிறது என்று பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 வேட்பாளர்கள் நின்றார்கள். நோட்டாவையும் சேர்த்தால் 55 பெயர், ஒரு பேலட் யூனிட்டில் 16 என்றால் 4 யூனிட். அவ்வளவு பேரும் ஏஜென்ட் போட மாட்டார்கள்தான். ஆனாலும் அப்படிப்பட்ட தொகுதியில் கட்டில் வந்த படிவம் போதுமா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது. பேலட் யூனிட்டுக்கான அட்ரஸ் டேக்கும் அதற்கேற்ப வேண்டும்.

முன்பகுதியை, அதாவது பூத் பெயர், மெஷின் எண்கள், சீல் எண்கள், டெண்டர் சீட்டு வரவு, இவற்றை எல்லா நகலிலும் மத்தியான மந்த நேரத்தில் எழுதி வைத்துவிடலாம். இரவில் நான்கைந்து எண்கள் மட்டும் பாக்கி இருக்கும்.

வாய்க்கால்மேடு

அப்படிச் செய்தால் நாங்களும் சீக்கிரம் வீட்டுக்குப் போவோம் சார். எண்ணும் இடத்தில் எங்கள் ஆள் அந்த நகலை வைத்துத்தான் கண்ட்ரோல் யூனிட் எண், பச்சை சீல் எண், மொத்த ஓட்டு மூன்றையும் ஒத்துப்பார்ப்பார். நகல் இல்லையென்றால் அவர் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

செங்கரும்பு

மாதிரி வாக்குப்பதிவுக்குத் தனியாக ஏதாவது எண்ண வேண்டுமா?

பழையபூத்

எண்ணுவதற்குப் பெரிதாக இல்லை, இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு உறை, அதை வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குப் பிங்க் தாள் சீல், மாதிரி ஓட்டு என்று குத்துவதற்கான ரப்பர் ஸ்டாம்ப், சான்றிதழ் படிவம். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்ப்பதால், விவிபேட் பெட்டியில் குறைந்தது 50 சீட்டு விழுந்திருக்கும். அத்தனையையும் எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட வேண்டும். மெஷினைக் கிளியர் செய்துவிட்டு விவிபேட் பெட்டியைக் காலி செய்ய மறப்பவர்கள் உண்டு. பெட்டி காலி என்று ஏஜென்ட்டுகளுக்குக் காட்டிவிட்டு மூடுங்கள்.

கல்லாறு

கவுண்டர் பக்கத்திலிருந்து இன்னும் ஒன்று. 17சி-யையும் தலைமை அலுவலர் டைரியையும் பச்சை உறைக்குள் போட்டு அரக்கு வைத்துவிடாதீர்கள். பச்சை உறை சட்டப்படியானவற்றுக்கு: குறியீடு செய்த வாக்காளர் பட்டியல், வாக்காளர் சீட்டுகள், பயன்பட்ட டெண்டர் சீட்டும் 17பி-யும், பயன்படாத டெண்டர் சீட்டுகள். இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிற்றுறையில் போய், பிறகு பெரிய பச்சை உறைக்குள் போகும். 17சி தனியாகக் கையில் இருக்க வேண்டும், கவுண்டரில் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். உள்ளே வைத்துவிட்டால் சீலை உடைக்க வேண்டும், அதற்கு நடைமுறை, அதற்கு ஆள், விடிந்துவிடும்.

க்ளோஸ் பட்டனை அமுக்காமல் கொண்டுவருவதும் நடக்கிறது. கடைசி ஆள் ஓட்டுப் போடாமல் போய்விட்டால் பிஸி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், க்ளோஸ் வேலை செய்யாது. மெஷின் பழுது என்று நினைத்துவிடுவார்கள். கண்ட்ரோல் யூனிட்டை ஆஃப் செய்து, கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தால் பிஸி போய்விடும், அப்புறம் க்ளோஸ் அமுக்கலாம். கிளம்பும் முன் விவிபேட் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கண்ட்ரோல் யூனிட் பேட்டரியைத் தொட வேண்டாம்.

எட்டாம்வகுப்பு_கணக்கு

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது இனமான 17ஏ எண்ணிக்கையிலிருந்து மூன்றாவதான 49ஓ-வையும் நான்காவதான 49எம்-மையும் கழிக்கச் சொல்கிறது. ஐந்தாவது டெஸ்ட் ஓட்டு, அதைக் கழிக்கச் சொல்லவில்லை. கல்லாறு சார் சொன்னதுதான் சரி.

ஆனால் கிழிந்த பச்சை சீல் எந்த உறையில் போகிறது? ஒரு தேர்தலில் மிச்ச சீலோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள், இன்னொன்றில் தனி உறை கேட்டார்கள்.

கல்லாறு

எங்கள் கவுண்டரில் தனி உறையில், மேலே எண் எழுதிக் கேட்போம். வேறு மாவட்டத்தில் எப்படி வாங்குகிறார்கள் என்று அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

செங்கரும்பு

அடுத்த பயிற்சி வகுப்பில் கிழிந்த சீல் உறையையும், 17ஏ-வில் முன்கூட்டி எண் எழுதலாமா என்பதையும் ஜோனலிடம் கேட்கிறேன். நிலா டீச்சர், எனக்கு பிஓ-2 ஆக வருபவர் முதல் முறை. குப்பி புதைக்க மண் தம்ளரை நானே எடுத்துப் போகிறேன். ஈர மண்ணா, காய்ந்ததா?

நெய்தல்_நிலா

காய்ந்த மணல். ஈரமாக இருந்தால் லேபிள் ஊறிக் குப்பி வழுக்கும்.